சிபாரிசு தேடினால் தகுதி நீக்கம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு என் மகள் தன் ராஜினாமாக் கடிதத்தை அனுப்பினாள். பேகம்பேட்டில் அவள் அலுவலகம். அதே நேரத்தில் நான் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் மத்திய அரசுத் தொழிற்சாலைக்குள், வெளியிலிருந்து வந்து இறங்கிய ஒரு பெட்டி உதிரி பாகங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. சான்றிதழ் சரியாக இல்லாவிட்டால் ஒரு திருகாணியைக்கூட உள்ளே விடமாட்டேன் என்று எனக்குப் பெயர். ராஜினாமாக் கடிதத்தின் வாசகத்தை முந்தைய இரவு அவளோடு உட்கார்ந்து திருத்திக் கொடுத்ததும் நான்தான்.

மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. எங்கள் நிறுவனத்தின் முத்திரை, விளம்பர எண், இந்தியிலும் ஆங்கிலத்திலும் தலைப்பு. ‘ஊழியர்களின் பிள்ளைகளுக்கான சிறப்பு ஆள்சேர்ப்பு’ என்றது. ஓய்வு பெற்ற மூத்த பொறியாளர் ஒருவர் அதை அனுப்பியிருந்தார். அவருக்கு யாரோ அனுப்பியதாம். மகள் தனியார் கம்பெனியில் இரவும் பகலும் உழைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எங்கள் பேருந்தில் ஏறி, எங்கள் வாயிலில் நுழைந்து, ஐந்தரை மணிக்கு அவள் வீடு திரும்புவதை மனத்துக்குள் பலமுறை பார்த்துவிட்டேன்.

விண்ணப்பக் கட்டணம் கட்டினோம். வீட்டிலிருந்தே ஒரு தேர்வு, முப்பது கேள்விகள். நான்காம் நாள் ‘தேர்வு பெற்றீர்கள்’ என்று கடிதம் வந்தது. சேருவதற்கு முன் பயிற்சி வைப்புத்தொகை கட்ட வேண்டும், பிறகு திருப்பித் தரப்படும். செவ்வாய் மாலை நான்கு மணி கடைசி.

விசாரித்திருக்கலாமே என்று இன்று எல்லோரும் கேட்கிறார்கள். பணியாளர் துறை என் பிரிவிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளித்தான். ஆனால் அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி இருந்தது: ‘எந்த வகையிலும் சிபாரிசு தேடினால் விண்ணப்பதாரர் தகுதி நீக்கம் செய்யப்படுவார்.’ எங்கள் உண்மையான அறிவிப்புகளில் எப்போதும் வரும் வரிதான் அது. இருபத்தாறு வருடங்களில் நான் யாருக்காகவும் அந்தத் துறையின் வாசலை மிதித்ததில்லை. மகளுக்காகப் போய் நின்றால் சிபாரிசு என்று ஆகிவிடாதா? போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த நேர்மையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன்.

ஆனால் அந்தச் செவ்வாய் மூன்று மணித் தேநீர் நேரத்தில் சந்தோஷம் தாங்காமல் கேன்டீனுக்கு ஒரு டப்பா பாதாம் கேக் எடுத்துப் போயிருந்தேன். பணியாளர் துறை அதிகாரி அம்மா ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். சித்தூர்க்காரர், என்னோடு மட்டும் தமிழில் பேசுவார்.

“ஏமி சார், டப்பா எல்லாம் பலமா இருக்கு? பொண்ணுக்குக் கல்யாணமா?”

“கல்யாணம் இல்லம்மா. வேலை. இனிமே சொல்லலாம்னு நினைக்கிறேன். நம்ம கம்பெனிலதான்.”

அவர் கேக்கை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். “நம்ம கம்பெனியா? எந்த அறிவிப்பு சார்?”

“ஊழியர் பிள்ளைகளுக்கு வந்ததே…”

“பிள்ளைகளுக்குன்னு தனியா ஏது சார்? பொது விளம்பரம் போடாம நான் ஒரு ஆளை எடுத்தா, முதல்ல என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. எழுந்திருங்க, வாங்க.”

அவருடைய கணினியில் எங்கள் நிறுவனத்தின் தளத்தைத் திறந்தார். முகவரியை எழுத்தெழுத்தாக அவரே தட்டினார். வேலைவாய்ப்புப் பக்கத்தில் நடப்பில் இருந்தவை இரண்டே விளம்பரங்கள். எங்களுடையது இல்லை. நான் மனப்பாடமாகச் சொன்ன விளம்பர எண்ணைப் பழைய பட்டியலில் தேடினார். இருந்தது. முன்பு எப்போதோ தற்காலிகப் பொறியாளர்களுக்குப் போட்டு, முடிந்தும் போன அறிவிப்பு. அதே எண், அதே முத்திரை, அதே கடைசி வரி. நடுவில் இருந்ததை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே எழுதிய தேர்வையும் கேட்கப்பட்ட வைப்புத்தொகையையும் அவரிடம் சொன்னேன்.

“எழுத்துத் தேர்வை நாம மையத்துல வச்சு நடத்துவோம், வீட்டுலயா நடத்துவோம்? கட்டணம் விண்ணப்பத்துக்கு மட்டும்தான். அதுவும் இந்தத் தளம் வழியா. தேர்வான பிறகு பயிற்சிக்கு, கடிதத்துக்குன்னு ஒரு பைசா கேக்கறது கிடையாது. உங்க பொண்ணு விண்ணப்பக் கட்டணத்தை யார் பேருக்கு அனுப்பினா?”

யாரோ ஒரு தனி மனிதரின் பெயர். கணக்கு அதிகாரியாக இருக்கும் என்று நான்தான் அவளுக்கு விளக்கம் சொல்லியிருந்தேன்.

மணி மூன்று இருபது. வைப்புத்தொகை கட்ட இன்னும் நாற்பது நிமிடம்தான். எங்கள் தொழிற்சாலைக்குள் கைபேசி கூடாது, வாயிலில் ஒப்படைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்த அம்மாவின் மேசைத் தொலைபேசியிலிருந்து மகளை அழைத்தேன். தெரியாத எண்ணை அவள் எடுப்பதில்லை. எடுக்காதே என்று சொல்லி வளர்த்ததும் நான்தான். மூன்று முறை அடித்து ஓய்ந்தது. வெளியே போகும் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வாயிலுக்கு நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், ஓடினேன். காவலர் பைய எழுந்து கைபேசி அலமாரியின் சாவியைத் தேடினார்.

“க்யா சாப், ஆஜ் இத்னா ஜல்தி கைக்கு?”

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார். கையை மட்டும் நீட்டினேன்.

இந்த முறை எடுத்தாள். “அப்பா, அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். ஒன் மினிட். பின் நம்பர் போடணும், அவ்ளோதான்.”

“போடாதே.”

“ஏன்?”

“போடாதேம்மா. பொய். எல்லாமே பொய்.”

அவள் பின்னால் யாரோ தெலுங்கில் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். “நான் காலைலயே ரிசைன் பண்ணிட்டேனேப்பா.”

வைப்புத்தொகை தப்பியது, ஆனால் அவள் வேலை போய்விட்டது. போகவைத்தவன் நான். அவள் போனை வைத்துவிட்டாள், மறுபடி அழைத்தும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். முதலில் கட்டிய விண்ணப்பக் கட்டணத்தின் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டார்கள். வங்கிக்கும் சொன்னேன். குழுவில் ‘அந்த அறிவிப்பு போலி, யாரும் கட்டாதீர்கள்’ என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த மனைவி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள்.

“ஒரு திருகாணிக்கு மூணு கையெழுத்து கேக்கறவர், பொண்ணோட வேலைக்கு ஒரு ஃபார்வர்டு போதும்னு விட்டுட்டீங்க.”

அவள் உள்ளே போய், எனக்கும் சேர்த்தே காபி கலந்து வந்தாள். அது எனக்கு இன்னும் வலித்தது. இரண்டு பேரும் பால்கனியில் நின்று, வந்து நின்ற ஒவ்வொரு பேருந்திலிருந்தும் இறங்குகிறவர்களைப் பார்த்தோம்.

ஏழேகாலுக்கு மகள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், பையை வைத்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் அழுது கழுவிய முகம்.

“மேனேஜர் மேடம்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன்பா. மெயிலை இன்னும் மேலே அனுப்பல, வாபஸ் லெட்டர் குடுன்னாங்க. குடுத்துட்டேன்.” துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா ஒண்ணு கேட்டாங்க. ‘மீ நான்னா, உங்க அப்பா, அதே கம்பெனிதானே, அவரே எப்படி நம்பினார்?’னு.”

“நீ என்ன சொன்னே?”

“எங்கப்பா ரொம்ப ஸ்ட்ரிக்ட் மேடம், என் விஷயத்துல மட்டும் கொஞ்சம் வீக்னு சொன்னேன்.” என் தோளில் லேசாக இடித்தாள். “இனிமே எந்த நோட்டீஸ் வந்தாலும் முதல்ல நான் சைட்ல பாத்துடறேன். நீ அதுக்கப்புறம் சந்தோஷப்படு, சரியா?”