அவள் நிரப்பிய கூப்பன்

போன் வந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. கடைக்கு வருவார், தேய்ப்பார், போவார்.

"சார், உங்க மேடம் ஷாப்பிங் மால்ல கூப்பன் போட்டிருந்தாங்கல்ல? பரிசு விழுந்திருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கணும்."

"கூப்பனை அவளே எழுதினாளா?"

"அவங்கதான் சார்!"

பரிசு யாருக்கு வேணும்? துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, வீட்டை ஒழித்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் அவள் எழுதிய மளிகைப் பட்டியல்கள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. அவள் கையால் எழுதியது என்று வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்தக் கூப்பன் கிடைத்தால் போதும் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்.

ஹோட்டல் வாசலில் ஒரு பெண் பெயரைச் சரிபார்த்தாள். "மேடம் எங்க சார்? ஜோடியா வந்தாத்தான் உள்ள விடுவோம்."

"பின்னாடி வர்றா," என்றார். பொய் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட இல்லை.

உள்ளே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. இருபது மேசை, மேசைக்கு ஒரு ஜோடி, அவர்களைப் பேசவே விடாமல் பேச ஒரு டை கட்டிய ஆள். எவராவது கையெழுத்துப் போட்டால் மைக்கில் வாழ்த்து, உடனே எல்லாரும் கை தட்ட வேண்டும். என்ன கூத்தோ!

இவருடைய மேசைக்கு ஒரு இளம்பெண் வந்தாள். கடல், மலை, நீச்சல்குளம் என்று படமாகப் புரட்டினாள். பணம் கட்டி மெம்பர் ஆனால் அவர்கள் ரிசார்ட்டுகளில் வருஷத்துக்கு ஏழு நாள் தங்கலாம், இருபத்தைந்து வருஷத்துக்கு. ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகு, "மேடத்துக்கு எங்க போகப் பிடிக்கும் சார்?" என்றாள்.

அவர் யோசித்தார். முப்பது வருஷம் கூடவே இருந்தவர், பதில் தெரியாமல் விழித்தார்.

"அவ இல்லம்மா. இறந்துட்டா. அவ எழுதின கூப்பனை மட்டும் குடுங்க, நான் போயிடறேன்."

அந்தப் பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. எழுந்து போய் மேனேஜரைக் கூட்டி வந்தாள். மேனேஜர் அவர் தோளில் கை வைத்து, "ரொம்ப வருத்தமா இருக்கு சார்," என்றான். வருத்தம் அரை நிமிஷம் நீடித்தது.

"கூப்பனைத் தனியா தர ரூல் இல்ல சார். மெம்பர் ஃபைலோட சேர்த்துத்தான் தருவோம்." பேனாவால் விலையை அடித்துப் பாதியாக எழுதினான். "உங்களுக்காக ஸ்பெஷலா. ஆனா இன்னைக்கு மட்டும்தான். நீங்க கதவைத் தாண்டினா இந்த விலையும் போச்சு, கூப்பனும் போச்சு."

"வீட்டுக்குப் போய் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"பொண்ணை நாமினியா போட்டுக்கலாம் சார். நாளைக்குன்னா முடியாது."

கூப்பனுக்கு ஒரு ரூல் புத்தகமாம்! அவனை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளுகிற மாதிரி கேட்டிருக்க வேண்டும். கேட்கிற தெம்பு அவரிடம் இல்லை. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பொடி எழுத்தைப் படிக்க வைக்கிற மனுஷன், ஒப்பந்தத்தில் ஒரு வரி படிக்காமல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். முன்பணத்துக்குக் கார்டைத் தேய்த்தார்கள். மைக்கில் வாழ்த்தினார்கள். எல்லாரும் கை தட்ட, அவரும் கூடவே தட்டினார்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் ஃபைலைத் திறந்தார். கடைசித் தாளில் கூப்பனைப் பின் அடித்திருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

அது அவள் எழுத்து இல்லை.

கொழுகொழுவென்று சின்னப் பெண் எழுத்து. மாலில் கூப்பனை நீட்டியவளே கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். அவருக்குக் கோபம் வரவில்லை. ஏமாந்தோம் என்றுகூடத் தோன்றவில்லை. கையில் இருக்கிறதே என்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். கணவர் தொழில்: கண் டாக்டர் மாதிரி. அவள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாள், எத்தனை தடவை திட்டியும் விட்டதில்லை. அவள் சொன்னதை அந்தப் பெண் அப்படியே எழுதியிருந்தாள்.

அதற்கும் கீழே, நீங்கள் போக விரும்பும் இடம் என்ற கட்டத்தில்: அவரைக் கேட்டுச் சொல்றேன்.

"கேட்டிருக்கலாம்ல?" என்றார் வாய்விட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஒரு தடவை கேட்டிருக்கலாம்லடி."

பஸ் வந்து நின்றது, போனது. மூன்று மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.