ஏகமனதாகப் போன டிவிடெண்ட்

கம்பெனிச் செயலாளர் இயக்குநர் குழுக் கூட்டத்தின் குறிப்பை முதல் நாளே அடித்து வைத்துவிடுவார். ஆண்டுக் கணக்குக்கு ஒப்புதல், தணிக்கையாளரை நியமிக்கப் பங்குதாரர்களுக்குப் பரிந்துரை, இடைக்கால டிவிடெண்ட் என்ற லாபப் பங்கு அறிவிப்பு. எல்லாமே ஏகமனதாக. வருஷா வருஷம் அப்படித்தான் நடந்தும் வந்தது, பாழாய்ப்போன வழக்கம்.

இன்று தலைவரின் தங்கை மேஜையைத் தட்டினாள். அவளும் ஓர் இயக்குநர். "சம்பளமே ரெண்டு மாசமா நிக்குது, நமக்கு டிவிடெண்ட் கேக்குதா? எனக்குச் சம்மதமில்ல, எழுதிக்கோங்க."

தலைவர் சிரித்தார். "இது அண்ணன் தங்கச்சி சண்டை சார். இதையெல்லாம் எழுதாதீங்க."

ஆடியே பழகிய செயலாளரின் தலை ஆடியது. குறிப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள்: "ஏங்க, முகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"நீங்களுமா?"

அவருக்கு அங்கே ஓட்டுக் கிடையாது. பேனா மட்டும்தான் இருந்தது.