ஸ்கேல் அக்கா கூட்டாமல் விட்ட வெள்ளிக்கிழமை

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவி, கொதிகலனில் போட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் சேர்ந்ததிலிருந்து, பதினான்கு வருடமாக, என் தொட்டிக்கு எதிரே இருக்கும் மேசையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். ஊரும் உறவும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுமோ தெரியாது, எங்களுக்கு ஸ்கேல் அக்கா. ஜெல் போட்டோ ஒன்று கையில் வந்தால் போதும், பாதி எண்கள் அழிந்துபோன பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து அதன் மேல் வைத்துவிடுவார். புருஷன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் சாப்பாட்டுத் தட்டையும் அளந்துதான் வைப்பாள் என்று அவர் சொல்வதாகக் கேள்வி.

அந்த போட்டோவில் என்னதான் இருக்கிறது என்று ஆரம்பத்தில் எனக்கும் புரியவில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். அக்காதான் சொன்னார். இங்கே பயன்படுத்தும் என்சைம் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வெட்டும் கத்தரி. வெட்டிய துண்டுகளை ஜெல் என்ற கூழ்த் தகட்டில் விட்டு மின்சாரம் கொடுத்தால் சின்னத் துண்டு தூரம் ஓடும், பெரியது பின்தங்கும். ஓரத்தில் லேடர் என்று நீளம் தெரிந்த துண்டுகளின் வரிசை ஓடும். அதில் மூவாயிரம் டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ளது மட்டும் பளிச்சென்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் எண்ணி, நம் துண்டு எதற்கு நேராக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இடையில் நின்றால் குத்துமதிப்பாகப் பாதி என்று எழுதக் கூடாது. ஓடிய தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, மடக்கை அளவு போட்ட லாக் தாளில் கோடு போட்டுத்தான் எழுதுவார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிசைக்கும் கீழே கூட்டல். வெட்டினாலும் மொத்த நீளம் எங்கே போகும் என்பார். கூட்டல் இல்லாமல் ஒரு மாணவன் நோட்டை நீட்டினால் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பித் தள்ளிவிடுவார். அதற்காக அவரைத் திட்டாத ஆராய்ச்சி மாணவன் எங்கள் மாடியில் இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டவில்லை.

அன்று அவர் வீட்டுக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நாலு நாளாகப் போக்குக் காட்டிய குழாய்க்காரர் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாலரைக்குப் பூனை வந்து போட்டோவை நீட்டினாள். பூனை என்றால் இரண்டாம் வருட ஆராய்ச்சி மாணவி, நடந்தால் சத்தமே கேட்காது. மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டை பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.வில் பொருத்தி, அந்தத் துண்டில் ஹிண்ட் என்ற என்சைம் எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெறும் பிளாஸ்மிட் மூவாயிரம், துண்டு இரண்டாயிரம், மொத்தம் ஐயாயிரம். ஐந்து மாத உழைப்பில் அவளுக்குத் தேறியது ஒரே ஒரு சின்னக் குழாய் டி.என்.ஏ.

ஹிண்ட் போட்ட வரிசையில் ஒரே கோடு, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு நேராக. அக்கா பையைத் தோளில் மாட்டியபடியே அளந்தார். "ஐயாயிரம் இருக்கணும், பாதிதான் நிக்குது. துண்டு உதிர்ந்துபோச்சும்மா, பிளாஸ்மிடும் சேர்ந்து அடிவாங்கியிருக்கு" என்றார். அவள் நோட்டின் நாற்பத்து நாலாம் பக்கத்தில் எழுதினார்: 2500, ஒரே துண்டு. கழிவு. எறியவும். கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அக்கா எழுதினால் பேராசிரியர் மறுபேச்சு பேசமாட்டார். திங்கள் பன்னிரண்டு மணிக் கூட்டத்தில் இந்த வேலையை நிறுத்திவிடலாம், அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறார் என்று பூனையிடம் சொல்லிவிட்டார். படித்தது போதும், வீட்டுக்கு வா என்று ஒரு வருடமாக அவள் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று மாலை அவள் என் தொட்டியில் வந்து முகம் கழுவினாள், ரொம்ப நேரம். அக்கா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்ததை அக்காவே பிறகு சொன்னார். குழாய்க்காரர் அறுத்துப் போட்ட பழைய குழாய் பால்கனிச் சுவரோரம் கிடந்தது. குப்பையில் போடலாம் என்று தூக்கினார். கையில் பாதிதான் வந்தது. அதே நீளத்தில் இன்னொன்று பின்னால் ஒளிந்தாற்போல் கிடந்தது. அப்படியே நின்றுவிட்டாராம். ஒரே நீளமுள்ள இரண்டு துண்டுகள் ஜெல்லிலும் ஒரே இடத்துக்குத்தான் ஓடும், ஒரே கோடாகத்தான் தெரியும். ஈகோ என்ற இன்னொரு என்சைம் அதே பிளாஸ்மிடை ஒரே இடத்தில் வெட்டி ஐயாயிரம் என்று காட்டியதை மூன்று வாரம் முன்பு நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதியதும் தன் கைதான். அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. கூட்டவும் இல்லை.

உடனே பூனைக்குப் போன் போட்டிருக்கிறார். "அந்த டி.என்.ஏ. குழாய எறிஞ்சிட்டியா?"

"இல்லக்கா. மனசு வரல. ஃப்ரீசர்ல பின்னாடி தள்ளி வெச்சிருக்கேன்."

"நீ நல்லா இருப்ப. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு."

திங்கள் காலை எட்டு மணிக்கு இருவரும் என்சைம் போட்டார்கள். ஒரே குழாயிலிருந்து மூன்று பங்கு: ஒன்றில் ஈகோ மட்டும், ஒன்றில் ஹிண்ட் மட்டும், மூன்றாவதில் இரண்டும். ஒரு மணி நேரம் வெட்ட, ஒன்றேகால் மணி நேரம் ஓட. நான் கழுவிய குடுவைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு போட்டோ வந்தது. அக்கா ஸ்கேலை வைத்தார். முதல் வரிசை ஐயாயிரம். இரண்டாவது அதே இரண்டாயிரத்து ஐந்நூறு. மூன்றாவதில் மூன்று கோடுகள்: இரண்டாயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து எழுநூறு, எண்ணூறு.

"கூட்டுடி" என்றார்.

"ஐயாயிரம் அக்கா."

பாதி உதிர்ந்த பிளாஸ்மிடாக இருந்தால் முதல் வரிசை ஐயாயிரம் காட்டியிருக்காது, மூன்றாவதின் கூட்டலும் இரண்டாயிரத்து ஐந்நூறோடு நின்றிருக்கும். ஹிண்ட் இரண்டு இடத்தில் வெட்டி இரண்டு சரிபாதி கொடுத்திருக்கிறது. அதில் ஒரு பாதியை ஈகோ ஆயிரத்து எழுநூறாகவும் எண்ணூறாகவும் பிரித்திருக்கிறது.

கூட்டத்துக்கு அழையாமலே அக்கா போனார். கதவு திறந்திருந்ததால் நானும் டிரேயோடு வாசலில் நின்றேன். பேராசிரியர் போட்டோவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை எறியச் சொல்லி எழுதினது நீங்கதானே?"

"நான்தான் சார். கூட்டிப் பார்க்காம எழுதினேன். தப்பு என்னோடது, இந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல."

இருபத்திரண்டு வருட சர்வீஸில் அந்த வாக்கியத்தை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பேராசிரியர் நோட்டை மூடி வைத்தார். பிறகு பூனையிடம் மார்க்கரை நீட்டி, "சரி, எங்க வெட்டுதுன்னு போடும்மா" என்றார்.

அவள் பலகையில் ஒரு வட்டம் போட்டாள். உச்சியில், பிளாஸ்மிடும் துண்டும் ஒட்டும் இடத்தில், ஈகோ. பிளாஸ்மிடின் பக்கம் எண்ணூறு தள்ளி ஒரு ஹிண்ட். அது ஏற்கெனவே தெரிந்த வெட்டு. "அப்போ மறுபக்கம் ஆயிரத்து எழுநூறுல இன்னொண்ணு இருக்கணும் சார். துண்டு இரண்டாயிரம் நீளம், அதனால அது துண்டுக்குள்ளதான் விழுது. மறுமுனைக்கு முந்நூறு முன்னாடி." குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. வேலையைத் தொடரச் சொல்லிவிட்டு பேராசிரியர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போது நோட்டு திறந்து கிடந்தது. நாற்பத்து நாலாம் பக்கம். எங்கள் இடத்தில் தவறைக் கிறுக்கி மறைக்கக் கூடாது. படிக்க முடிகிற மாதிரி ஒரே கோடுதான் அடிக்க வேண்டும். 'கழிவு. எறியவும்' என்பதன் குறுக்கே ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு. கீழே 2500 + 2500 = 5000, தேதி, அக்காவின் கையெழுத்து. அதற்கும் கீழே, பூனையின் பொடி எழுத்தில் ஒரே ஒரு சொல்: எறியவில்லை.