தவிர்க்க முடியாத காரணத்தால்

அந்தப் பெண்ணுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் ஃபோன் செய்யவில்லை. செய்ததாக அவளுடைய அப்பாவிடம் சொன்னேன். என் வயதில் இதை எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஓசூருக்கு வெளியே, கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கபடி அணிக்கு நான் செயலாளராக இருந்தேன். விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் முப்பது வருடம் அறிவிப்பு எழுதி, பலகையில் ஒட்டி ஓய்வு பெற்றவன். அனுமதிக் கடிதம் வாங்குவது, கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வாங்கி வைப்பது, பயிற்சி எங்கே எத்தனை மணிக்கு என்று பன்னிரண்டு பேருக்கும் தெரிவிப்பது, இவை என் வேலை. பயிற்சியாளர் ஒரு பெண். பழைய ஆட்டக்காரர். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர் என்பதால் பயிற்சி விடியற்காலை ஐந்தரைக்கு.

எங்கள் மைதானம் ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கு. பதினோரு பெண்கள் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வருவார்கள். ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம், கேழ்வரகுக் கொல்லைகளின் நடுவே வரப்பில் நடந்து வருவாள். வீட்டில் கன்னடம். படித்ததும் கன்னடப் பள்ளியில். தமிழ் நம்மைப் போலவே பேசுவாள். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. அது அவளுக்கு வெட்கம். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் நான் தமிழில் எழுதிப் போடுவேன். பின்னாலேயே அதையே கன்னடத்தில் பேசிப் பதிவு செய்து போடுவேன். இன்னாருக்காக என்று யாரும் சொன்னதில்லை.

அந்த வாரம் ஒரு பெண் பயிற்சி முடிந்து என் குரலைப் பேசிக் காட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லரிகூ நமஸ்கார" என்று நான் கன்னடத்தில் வணக்கம் சொல்லி இழுப்பதைப் போலவே இழுத்தாள். "ரேடியோ தாத்தா வந்துட்டாருடி" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். வரப்பில் நடந்து வருகிறவளும் சிரித்தாள். யாருக்காக இவ்வளவும் செய்கிறேனோ அவளும் சிரிக்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. அறுபத்தெட்டு வயதில் அப்படி ஒரு சின்னப் புத்தி.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வனக்காவலர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைகள் எல்லை தாண்டி வருவது எங்களுக்குப் புதிதல்ல. "ஏரிக்கு அந்தாண்ட தைலத் தோப்புல ஏழு நிக்குது சார். ரெண்டு மூணு நாளைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆளும் வரக்கூடாது. ரோட்டுல எங்க ஆளுங்க நிப்பாங்க" என்றார்.

ஊருக்குள் இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியருக்கு ஃபோன் செய்து அனுமதி கேட்டேன். வகுப்பு தொடங்குமுன் முடித்துவிட வேண்டும், பின்பக்கக் கேட்டைக் காவலாளி திறந்துவிடுவார் என்றார். பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போது ஒரு யோசனை வந்தது. மாவட்ட அணித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். பெண்களின் ஃபோனை அப்பாவும் அண்ணனும் எடுத்துப் பார்க்கிறவர்கள். யானை என்று போட்டால் பாதி வீடுகளில் அனுப்பமாட்டார்கள். ஆகவே, "தவிர்க்க முடியாத காரணத்தால் நாளை காலைப் பயிற்சி பள்ளி மைதானத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. நேரம் 5.30. பின்வாசல் வழியாக வரவும்" என்று எழுதினேன். முப்பது வருடம் எழுதிய வாசகம். கை தானாக எழுதியது.

கன்னடத்தில் பேசிப் போடவில்லை. தேவைப்பட்டால் யாரையாவது கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன். சற்று நேரத்தில் ஒவ்வொரு கட்டைவிரலாக வந்து விழுந்தது. எண்ணினேன். பன்னிரண்டு. அவளுடையதும் இருந்தது. நிம்மதியாக ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் பனி கண்ணை மறைத்தது. பள்ளி மைதானத்தில் பெண்கள் ஓட ஆரம்பித்திருந்தார்கள். பயிற்சியாளர் தலைகளை எண்ணிவிட்டு என்னிடம் வந்தார்.

"எங்க சார் அவ?"

"வருவா. கட்டைவிரல் போட்டிருக்காளே."

"கன்னடத்துல போட்டீங்களா?"

ஃபோனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். மணி முழுவதும் அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். பாதியில் அறுந்தது. மூன்றாம் முறை போட்டபோது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. பயிற்சியாளர் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினார்.

"யானை பக்கத்துல நின்னுதுன்னா சார்? மணி அடிச்சா அது திரும்பாதா?"

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஐந்து கிலோமீட்டர். விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. எதிரே லாரி வருவது உரசிப் போகும்போதுதான் தெரிந்தது. அந்தப் பயம் ஒன்றுமே இல்லை. அவளுடைய வழக்கம் எனக்குத் தெரியும். முதலில் வருகிறவள்தான் கோடு போட வேண்டும். அவள் எப்போதும் முதலில் வருவாள். மைதானத்து ஓரத்து மேடைக்குக் கீழிருந்து சுண்ணாம்பு மூட்டையை இழுத்து, தனியாகக் குனிந்துகொண்டு, பனிக்குள்.

சாலைத் திருப்பத்தில் வனக்காவலர் டார்ச்சைக் காட்டி நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "இந்த வழியா யாரும் போவலியே" என்றார்.

"வரப்பு வழியா வருவா" என்றேன்.

"அத நேத்தே சொல்லக்கூடாதா சார்? அந்தப் பக்கமும் ஒரு ஆளை நிறுத்தியிருப்பனே." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு உருப்படி தோப்பை விட்டுக் கீழ எறங்கி அரை மணி நேரமாவுது. இருங்க. கூப்பிட்டுக் கீப்பிட்டு வைக்காதீங்க."

நாங்கள் நின்றோம். ஏரிப்பக்கம் ஒரு மரக்கிளை முறிந்தது. அப்புறம் சத்தமே இல்லை. பயிற்சியாளர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யானைகளை விரட்டத் தூரத்தில் வெடி போட்டார்கள். நாய்கள் குரைத்தன. பனி கொஞ்சம் மேலெழுந்ததும் காவலர்கள் இருவர் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம்.

மைதானத்தில் இரண்டு பக்கக் கோடுகளும் நடுக்கோடும் போட்டிருந்தது. பின்கோடு பாதியில் நின்றது. அதன்மேல் ஒரு கால் தடம், பெரிய முறம் அளவுக்கு, சுண்ணாம்பை நசுக்கிக்கொண்டு பதிந்திருந்தது.

மைதானத்தை ஒட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "அக்கா." அவ்வளவுதான் சொன்னாள். தொட்டிமேல் ஏறி ஒடுங்கிப் படுத்திருந்தவள், வெடிச் சத்தத்தில் குதித்து விழுந்திருக்கிறாள். இடது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. அவள் அழவில்லை. பற்கள் அடித்துக்கொண்டே இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பயிற்சியாளரிடம் சொன்னாள்: "ஃபோன் அடிச்சுது அக்கா. ஒண்ணு காதை விரிச்சு இப்பிடித் திரும்புச்சு. சைலண்ட்ல போடத் தெரியல, கை ஆடுது. அப்பிடியே ஆஃப் பண்ணிட்டேன்."

"ஏண்டி கட்டைவிரல் போட்ட?"

"எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். தாத்தா குரல் வரல. அப்போ ஒண்ணும் முக்கியம் இல்லன்னு நெனச்சேன்."

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் அப்பா வந்தார். பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கையுறையைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"இடம் மாத்துனது இவளுக்குத் தெரியாதா சார்?"

அந்த ஒரு நொடியில் எனக்கு வந்த பயம், காலையில் வந்ததைவிடக் கேவலமானது. போலீஸ், ஊர், என் பெயர், எல்லாம் கண்முன் வந்தன. "குரூப்ல போட்டேன். நேத்து சாயங்காலம் ஃபோன் பண்ணியும் சொன்னேனே" என்றேன்.

கட்டிலிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். மறுக்கவில்லை. பெரியவர் பொய் சொல்வார் என்று நினைக்கப் பழகாதவள். ஒருவேளை தான்தான் மறந்துவிட்டோமோ என்றுகூட யோசித்திருப்பாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார். "சார் இவ்ளோ சொல்லியும் உனக்குப் புத்தி இல்ல. போதும். இனி கபடி வேணாம்."

தேர்வு அவள் இல்லாமல் நடந்தது. பயிற்சியாளர் என்னிடம் சண்டை போடவில்லை. ஒருநாள் சுண்ணாம்பு மூட்டையைக் கட்டிக்கொண்டே, "யானைன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா சார், பொண்ணுங்க அன்னிக்கிப் பூரா அதயேதான் பேசியிருப்பாளுங்க. யாராவது ஒருத்தி அவளுக்கு ஃபோன் போட்டிருப்பா" என்றார். அதற்குப் பிறகு என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த வரப்பில் நடந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். பட்டப்பகல்தான். ஆனாலும் கொல்லை அசையும்போதெல்லாம் நின்றேன். இந்த வழியில்தான் அவளை இருட்டில் நடக்கவிட்டேன்.

அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காராமல் சொன்னேன். ஃபோன் செய்யவில்லை, கன்னடத்தில் பேசியும் போடவில்லை, யானை என்பதை மறைத்தேன், உங்களிடம் பொய் சொன்னேன். அவள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் எப்போதும் தமிழில் பேசுகிற அப்பா அன்று கன்னடத்துக்கு மாறினார். கத்தவில்லை. "நீங்கள் சொன்னதை நம்பி என் பிள்ளையை நான் அடித்தேன்" என்பது அதன் பொருள். பிறகு நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

அன்றே குழுவில் எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் பேசிப் போட்டேன். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொன்னேன். ஒரு கட்டைவிரலும் வரவில்லை. மறுநாள் பயிற்சியாளர் மட்டும், "ஓடிப் போவாதீங்க. இனி ஒவ்வொருத்தியா கூப்பிட்டுச் சொல்லுங்க. எங்க, எப்போன்னு அவங்க வாயால திருப்பிச் சொல்லணும்" என்றார்.

கட்டுப் பிரித்துச் சில மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். அப்பா கூடவே வந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்து வந்த கோடையில் மைதானத்தில் திருவிழாப் பந்தல் போட்டார்கள். பயிற்சி மறுபடி பள்ளிக்கு மாறியது. பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டேன். அவளைக் கடைசியில் கூப்பிட்டேன், தள்ளிப்போட முடியாமல்.

"ஸ்கூல் கிரவுண்டு, பின் கேட்டு, அஞ்சரை" என்று திருப்பிச் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, "ஏன் மாத்துனீங்க சார்?" என்றாள்.

"திருவிழா. பந்தல் போடுறாங்க."

"அது மட்டுந்தானா?"

"அது மட்டுந்தாம்மா."

பிறகு ஃபோன் கை மாறியது. அவள் அப்பா அதே கேள்வியை என்னிடம் கன்னடத்தில் கேட்டார். நானும் கன்னடத்தில் அதே பதிலைச் சொன்னேன். சரி என்றோ இல்லை என்றோ சொல்லாமல் வைத்துவிட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்கே போய் நான் பின்வாசலில் நின்றேன். ஐந்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் வந்தார்கள். பந்தலைத் தாங்களே நேரில் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்ததாக அவள் சொன்னாள்.