பதினேழு நகர்வுகள்

எங்கள் சதுரங்கச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுப் போட்டிக்கு யார் புதிர் அமைத்தாலும், முதலில் அதை வேறொருவர் உடைத்துப் பார்க்க வேண்டும். பலகையில் காய்களை வைத்துவிட்டு, அமைத்தவர் எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். உடைப்பவர், சொல்லப்பட்ட விடையைத் தவிர இன்னொரு விடை ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார். விடை தெரிந்துவிட்டதால் அந்த ஆண்டு அவர் போட்டியில் உட்கார முடியாது. இந்த வழக்கத்தை விதியாக்கியவர்களில் நானும் ஒருத்தி; அதில் எனக்கு எப்போதுமே மரியாதை இருந்தது. ஆயினும் என் முதல் புதிரை அமைத்த ஆண்டில் நானே அதை மீறினேன்.

காரணம் எளியது. அந்த ஆண்டு எல்லோருக்கும் போட்டியில் உட்கார ஆசை. உடைக்க ஆள் கிடைக்கவில்லை. செயலாளர், காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், தம் கைப்பேசியை நீட்டி, "யக்கா, இதுல போட்டுப் பாரு. கம்ப்யூட்டர விடவா நம்ம ஆளுங்க உடைச்சிடப் போறானுங்க?" என்றார். போட்டுப் பார்த்தேன். இரண்டு நகர்வில் மேட் என்றது. முதல் நகர்வாக நான் நினைத்ததையே காட்டியது. நிம்மதியாக மூடி வைத்தேன். அது காட்டியது ஒரு விடையை மட்டுமே. வேறு விடை இல்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. இந்த வேறுபாடு எனக்கு அப்போது உறைக்கவில்லை.

புதிர் மிகச் சிறியது. நான்கே காய்கள். மேல் இடது மூலையில் கறுப்பு ராஜா. அதற்கு நேர் கீழே கறுப்புச் சிப்பாய். ராஜாவின் வரிசையிலேயே, நடுவில் ஒரு கட்டம் விட்டு, வெள்ளை ராஜா. கீழ் வலது மூலையில் வெள்ளை யானை. வெள்ளை ஆடி, இரண்டாம் நகர்வில் மேட் செய்ய வேண்டும்.

யானை ஐந்து கட்டம் மேலேறி, மேலிருந்து மூன்றாம் வரிசையின் ஓரத்தில் நிற்பதுதான் நான் வைத்த விடை. செக் இல்லை, மிரட்டல் இல்லை, வெறுமனே காத்திருக்கிறது. ஆனால் கறுப்பு ஏதாவது ஆடியாக வேண்டுமே. அதன் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை; சிப்பாய்தான் நகர வேண்டும். ஒரு கட்டம் வந்தால் யானை வரிசை நெடுக ஓடிவந்து அதை வெட்டும், மேட். இரண்டு கட்டம் வந்தால், அது தாண்டிப் போன கட்டத்தில் யானை வந்து நிற்கும், அதுவும் மேட். அசையாமல் நின்று, எதிரியை அசையவைத்து வெல்லும் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. பல மாத மாலைகள் அதற்குள் போயிருந்தன.

செயலாளருக்கும் அது பெரிய விஷயம். புதிர்களை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று குழுவில் பலர் சொன்னபோது, "நம்ம ஏரியா ஆளு போட்டதுதான் முதல்ல செவுத்துல தொங்கணும்" என்று அவர் ஒருவராக நின்று வாதாடியிருந்தார். புதிர் பழுதானால் இனி எந்நாளும் வெளியிலிருந்துதான் என்பது குழுவின் முடிவு. இதை அவர் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டி ஞாயிறு காலை பத்து மணிக்கு. ராயபுரத்தில், வலைக்கடைக்கு மேலே உள்ள மாடி அறையில். ஒன்பதரைக்கு நான் படியேறியபோது, செயலாளர் நாற்காலி மேல் நின்று என் புதிர் வரைந்த சார்ட்டைப் பின்புறம் தெரியும்படி சுவரில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஐஸ் கடைக்காரி. மீன்பிடித் துறைமுக வாசலில் ஐஸ் உடைத்து விற்பவள். முந்தைய ஆண்டு அரை மதிப்பெண்ணில் முதலிடத்தைத் தவறவிட்டவள். ஞாயிற்றுக்கிழமை, வியாபாரம் அலைமோதும் நாளில், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சன்னல் வழியே கடற்காற்று ஒருமுறை வீசியது. சார்ட் திரும்பிக்கொண்டது. செயலாளர் அதை மீண்டும் திருப்புவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பார்க்காததுபோல் தலையைக் குனிந்துகொண்டதையும் நான் கவனித்தேன். முந்தானையால் கையைத் துடைத்தாள். தன் பெயர் எழுதி வாங்கிய விடைச்சீட்டை இரண்டாக மடித்தாள், விரித்தாள்.

"யக்கா, அது நீ போட்டதா?"

"ஆமாம்."

"அதுக்கு ரெண்டு பதிலு கீது."

செயலாளர் நாற்காலியிலிருந்து இறங்கினார். "இன்னாமே சொல்ற? கம்ப்யூட்டர்ல போட்டாச்சு."

"அதுல போடு, எதுல வேணா போடு. யானைய நேரா இந்தாண்ட மூலைக்கு இட்டாந்து சிப்பாய்க்கு நேர் கீழ நிறுத்து. ஒரு கட்டம் வந்தாலும் வெட்டு, ரெண்டு கட்டம் வந்தாலும் வெட்டு. ரெண்டும் மேட்டுதான?"

கறுப்புச் சிப்பாய் நிற்கும் அதே நெடுவரிசையின் அடியில் யானை. நான் பலகையில் வைத்துப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. மனத்துக்குள்ளேயே என் புதிர் சரிந்தது. யானை ஏறுவதையே நினைத்து நினைத்து, அது பக்கவாட்டிலும் போகும் என்பதை நான் பார்க்கவே இல்லை.

எங்கள் விதிப்படி, ஒரு புதிருக்கு இரு விடைகள் இருந்து ஒருவர் இரண்டையும் எழுதினால் இரட்டை மதிப்பெண். அவள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த ஆண்டு முதலிடம் ஏறக்குறைய அவளுக்குத்தான். அவளுக்கு அது தெரியும். அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்கும் அது தோன்றியது.

"மணி ஒம்போதே முக்கா ஆவப்போது," என்றார் செயலாளர். குரல் தாழ்ந்திருந்தது. "கீழ ஆளுங்க வந்துகினு கீறாங்க. இன்னா பண்லாம்?"

நான் பலகையின் முன் உட்கார்ந்தேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள், யாரும் கேட்காமலே. யானை கீழே இருப்பதால்தானே இடது பக்கம் ஓட முடிகிறது? அதை மேல் வலது மூலையில் வைத்தேன். அங்கிருந்து இடது பக்கம் போக என் ராஜாவே தடை. கீழே இரண்டு கட்டம் இறங்கினால் அதே விடை. மூச்சு வந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெள்ளை ராஜாவை ஒரே ஒரு கட்டம் கீழே இழுத்தாள். யானைக்கு வழி திறந்தது, மூலைவரை செக். கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை.

"ரெண்டு நகர்வு கேட்ட. ஒண்ணுலயே முடிஞ்சிபூடுச்சே," என்றாள். கேலி இல்லை, ஐஸ் பாளத்தில் எங்கே வெடிப்பு இருக்கிறது என்று காட்டுவதுபோல் சொன்னாள்.

கீழே கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி ஊர்ந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். செயலாளர் கதவை மூடி அதில் சாய்ந்து நின்றார்.

யானையை மீண்டும் கீழே கொண்டுவந்தேன். இம்முறை கடைசிக்கு முந்தைய வரிசையின் வலது ஓரத்தில் வைத்து, அதன் இடப்பக்கத்தில் ஒரு வெள்ளைச் சிப்பாயை நிறுத்தினேன். பக்கவாட்டு வழி அடைபட்டது. அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"இது நிக்குது."

"அப்ப எழுதிடலாம்," என்று செயலாளர் புது சார்ட்டை விரித்தார்.

"நிக்குது நைனா. ஆனா இந்தச் சிப்பாய் கேட்டாண்ட வாச்மேன் மாதிரி சொம்மா குந்தினுகீறான். இவன் எதுக்குன்னு கேட்டா யானைய வுடாம இருக்கத்தான்னு தெரிஞ்சிபூடும்."

"வாச்மேன் இருந்தா இருக்கட்டுமே. பேஜாரு பண்ணாத."

அவர் சொன்னதில் தவறில்லை. அப்படி ஒரு காவல் சிப்பாயை வைப்பதைப் பலரும் செய்வார்கள். ஆயினும் அவள் சொன்ன சொல் என்னை நிறுத்தியது. யானையை விடாமல் இருக்க ஒரு சிப்பாய். பலகையில் ஏற்கெனவே ஒரு சிப்பாய் இருக்கிறது. கறுப்பு. அதன் வரிசையிலேயே யானையை வைத்தால்?

வெள்ளைச் சிப்பாயை எடுத்துவிட்டு, யானையை மேலிருந்து இரண்டாம் வரிசையின் வலது ஓரத்தில் வைத்தேன். அந்த வரிசையின் மறு ஓரத்தில் கறுப்புச் சிப்பாய் நேராக நிற்கிறது. அதைத் தாண்ட யானையால் முடியாது. வெட்டினாலோ கறுப்பு ராஜா யானையைத் தின்றுவிடும். இப்போது விடை, யானை ஒரே ஒரு கட்டம் கீழே இறங்குவது. குறிவைத்திருக்கும் இரையை விட்டு ஒரு அடி பின்வாங்குவது.

"எண்ணு," என்றாள் அவள்.

எண்ணினேன். வெள்ளைக்கு மொத்தம் பதினேழு நகர்வுகள். யானைக்குப் பதினான்கு, ராஜாவுக்கு மூன்று. நான்கு காய்களை மாதக்கணக்கில் பார்த்திருந்த நான், அன்று காலை வரை அவற்றை எண்ணியதில்லை.

அவள் ஒவ்வொன்றாக ஆடினாள். நான் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டேன். யானை மேலேறினால் கறுப்புச் சிப்பாய் ஒரு கட்டம் நகர்கிறது. காலியான கட்டத்தில் கறுப்பு ராஜா நழுவுகிறது. வெள்ளை ராஜா இறங்கினாலும் அதே. யானை கறுப்புச் சிப்பாயின் அருகே போய் நின்றாலும் அதே. ஒவ்வொன்று உடையும்போதும் அவள் இடக்கையின் விரல் ஒன்று மடங்கியது; ஐந்தும் மடங்கியதும் கை விரிந்து மறுபடி தொடங்கியது. கதவை யாரோ தட்டினார்கள். "இன்னாபா, உள்ள பூட்டிகினு தூங்கறீங்களா?" நான் அவள் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு. பதின்மூன்று. ஒன்றில் அவள் தயங்கி, காயைத் திருப்பி வைத்து, மறுபடி ஆடினாள். அந்தச் சில நொடிகளைப்போல் நீண்ட நேரத்தை நான் அதிகம் அறிந்ததில்லை. பிறகு அந்த விரலும் மடங்கியது.

"பதினாறு போச்சு. ஒண்ணு நிக்குது," என்றாள். "எழுது நைனா."

பத்து மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. செயலாளர் மண்டியிட்டு சார்ட்டில் கட்டங்களை வரைந்தார். கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே வந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டது. அவளும் எழுந்தாள். எப்போதும் அவள் உட்காரும் சன்னலோர இடத்தை ஒருமுறை பார்த்தாள்.

"நீ உட்காரலாமே. அந்த ஒரு புதிரை மட்டும் உன் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன்," என்றேன் மெதுவாக.

"உடைச்சவ குந்தக் கூடாது யக்கா. நீயும் நானும் சேந்துதான அந்த ரூல வெச்சோம்?"

மடித்த சீட்டை என் கையில் வைத்துவிட்டு, கண்காணிப்பாளர் மேசையில் போய் அமர்ந்தாள். சார்ட் திருப்பப்பட்டது. அறை அடங்கியது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வங்கி ஊழியர் ஒருவர் வெகுநேரம் சார்ட்டை முறைத்துவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாமே, ரெண்டாவது பதிலு ஏதும் கீதா இதுல?"

"தேடு," என்றாள்.

அவர் தேடினார். எல்லோரும் தேடினார்கள். சீட்டுகள் திரும்பி வந்தபோது, சில தவறாக இருந்தன. சரியானவை எல்லாவற்றிலும் ஒரே நகர்வு. நான் ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சீட்டு முடிந்ததும், கடைக்குப் போக வேண்டும், தம்பி ஐஸைத் தூளாக்கிவைத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

அவளுடைய சீட்டு என் பையிலேயே இருந்துவிட்டது. பெயர் எழுதிய இடத்துக்குக் கீழே எதுவும் எழுதப்படவில்லை. இப்போது புதிர் அமைக்கும்போதெல்லாம் அதன் காலி வரிகளில்தான் முதலில் நகர்வுகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறேன்.