சாயாத கை

அவள் அந்தத் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால். வாசல் காவலாளி பையைத் திறந்து காட்டச் சொன்னார். எட்டு வருஷமாக ஒருநாளும் கேட்காதவர். டிபன் பாக்ஸ், மூக்குக்கண்ணாடி, அரைக்குப்பி சிவப்பு நகப்பூச்சு.

"இது எதுக்கும்மா?"

"போல்ட்டுக்கு," என்றாள்.

ரோபோ கையின் மணிக்கட்டில் கேமராவை முடுக்கியதும், போல்ட்டின் தலையிலிருந்து கேமராவைத் தாங்கும் தகடு வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பது அவள் பழக்கம். போல்ட் மயிரிழை நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். சின்ன வயதிலேயே சுவரில் கோணலாகத் தொங்கும் நாள்காட்டியை நேராக்காமல் சாப்பிட உட்காரமாட்டாள். "குறை கண்டுபிடிக்கன்னே வயித்துல வந்து பொறந்திருக்கா," என்பாள் அம்மா. அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை இதுதான்: கேமரா பார்க்கும் இடமும் கை போய் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்கும்படி செய்வது.

அதற்குக் கட்டம் போட்ட பலகை ஒன்றை மேஜையில் அசையாமல் வைக்க வேண்டும். கையை வெவ்வேறு நிலையில் நிறுத்தி, கேமராவால் பலகையைப் படமெடுக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து கேமரா எவ்வளவு தள்ளி, எப்படித் திரும்பி இருக்கிறது என்பதைக் கணினி அந்தப் படங்களிலிருந்து கணக்கிடும். கை இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தாக வேண்டும். செங்குத்தாக நின்றபடி பம்பரம்போல் சுற்றினால் மட்டும் போதாது. கேமரா அந்தச் செங்குத்தில் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே இருக்கிறது என்பது அப்போது பிடிபடவே பிடிபடாது.

அவள் வெளியேறுவதற்கு ஒரு மாதம் முன்னால் மாட்டிய கேமராவில், கையைச் சாய்த்தால் கேபிள் இழுத்தது. நீளமான கேபிள் வர ஒரு வாரம் ஆகும் என்றாள். மறுநாள் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்றார் மேலாளர்.

"சாய்க்க வேணாம். சும்மா சுத்தி எடு."

"அப்படி எடுத்தா உயரம் சரியா வராது சார்."

அவள் மாட்டேன் என்று எழுந்துகொள்ள, அவரே உட்கார்ந்து சுற்றி எடுத்தார். திரையில் பிழை மிகச் சின்ன எண்ணாக வந்தது. "பாரு, மில்லிமீட்டர்கூட இல்ல."

"கேள்வித்தாளையும் நீங்களே எழுதி, திருத்தவும் நீங்களே உட்கார்ந்தா நூத்துக்கு நூறுதான் வரும் சார்."

பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தான். மேலாளர் சிரிக்கவில்லை.

சோதித்தபோது கை, எடுக்க வேண்டிய பொருளுக்கு நாலு சென்டிமீட்டர் மேலேயே நின்றுவிட்டது. மேலாளர் நிரலில் நாலு சென்டிமீட்டர் கீழே இறக்கிவிட்டார். அதன்பின் பெட்டியில் நேராகக் கிடந்த பம்பு மூடிகளைக் கை அழகாக எடுத்துவைத்தது. வாடிக்கையாளர்கள் கைதட்டினார்கள். புண்ணுக்குப் புனுகு பூசிய கதை.

அடுத்த மாதம் சாய்ந்து கிடக்கும் மூடிகளையும் எடுக்கச் சொன்னார்கள். கேபிள் இடம் கொடுத்த அளவுக்கு, முதல்முறையாகக் கை சாய்ந்து பார்த்தது. கேமரா பற்றிய தவறும் கையோடு சேர்ந்து சாய்ந்தது. நேர்கீழே இறக்கிய நாலு சென்டிமீட்டரால் அதை ஈடுகட்ட முடியவில்லை. கையின் நுனியிலிருந்த பிடி, மூடியை விட்டு விலகிப் பெட்டியின் விளிம்பில் இறங்கியது. பிடியின் விரல் ஒடிந்து பறந்து, ரோபோவைச் சுற்றியிருந்த வேலிக்கம்பியில் மோதியது.

மேலாளரின் அறிக்கை அன்றே தயாராகிவிட்டது: 'தொழில்நுட்பப் பணியாளர் கவனக்குறைவாகக் கேமராவை இடித்து நகர்த்தியதால்.'

"போல்ட்டுல கோடு இருக்கு சார். முறியல. குனிஞ்சு ஒரு தடவ பாருங்க."

அவர் குனியவில்லை. "மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு."

செய்யாத தப்புக்கு மன்னிப்பா? பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவளுக்கு முன்பே அந்த வதந்தி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. எந்த நேர்முகத் தேர்விலும் ஒரே கேள்வி: "கேமராவ இடிச்சது நீங்கதானே?" இல்லை என்று விளக்கத் தொடங்கினாலே எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். தங்கை, "ஆமான்னு எழுதிக் குடுத்திருந்தா என்னக்கா குறைஞ்சுபோயிருக்கும்?" என்றாள். அன்று முழுக்க அவள் தங்கையோடு பேசவில்லை. கடைசியில் தராசு பழுது பார்க்கும் கடை ஒன்றில் சேர்ந்தாள். அங்கே பொய் சொன்னால் தராசு முள்ளே காட்டிக்கொடுத்துவிடும். அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் ராத்திரி படுக்கையில் அந்த 'கவனக்குறைவாக' என்ற சொல் இன்னும் பல்லில் மாட்டிய நார்போல் உறுத்தியது.

மூன்று வருஷம் கழித்து, ஒரு தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. பழைய தொழிற்சாலை ஆபரேட்டர் செய்தி அனுப்பியிருந்தான்.

"அக்கா, ஒருவழியா நீளமான கேபிள் வந்துச்சு. கைய நாலா பக்கமும் சாய்ச்சுப் படமெடுத்தேன். அந்த நாலு சென்டிமீட்டர நிரல்லருந்து தூக்கிட்டேன். சாஞ்சு கிடக்கிறதயும் இப்ப பூ மாதிரி எடுக்குது. கேமராவ அன்னிலருந்து யாரும் கழட்டல. உங்க சிவப்புக் கோடு முறியாம அப்படியே இருக்கு, படம் அனுப்பியிருக்கேன் பாருங்க. அறிக்கைய மாத்துங்கன்னு மேலாளர்கிட்ட கேட்டேன். முடிஞ்சுபோனத ஏன் கிளறுறன்னாரு. அதனால படத்தோட நடந்தத எழுதி, முதலாளியிலருந்து வாடிக்கையாளர் வரைக்கும் எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அவருக்கும்தான். நாளைக்கு என் பையயும் வாசல்ல திறந்து பாப்பாங்க. உங்க கடையில இன்னொரு ஸ்டூல் இருக்கா?"