காளியம்மா வீட்டில் ஐந்து பிள்ளைகள்

காலை ஆறேகாலுக்குப் பிச்சைமுத்து சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்து சேதி சொன்னான். காளியம்மாவோடு சேர்ந்து பிள்ளை பார்க்கும் அவன் மனைவி ராக்காயி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது.

“இன்னிக்கு வர முடியாதுக்கா. கோவிச்சுக்காதீங்க.”

“கோவிச்சா கால் சரியாப் போயிருமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, போ.”

அவன் போனதும் காளியம்மா விரல்களை மடக்கினாள். பிள்ளைகள் ஐந்து. தவழ்கிறவை இரண்டு, நடக்கிறவை மூன்று. பார்த்துக்கொள்ள இருப்பதோ அவள் ஒருத்தி.

ஜெலாப்பாங்கில் அந்தத் தகரக்கூரை வீட்டில் அவள் பிள்ளை பார்க்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செமோர்ப் பக்கம் அவள் ஆயாவாக இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபிறகு, கையில் இருந்த ஒரே தொழில் அதுதான். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று, அப்புறம் மூன்று. நான்காவது வந்தபோது, இனிமேல் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும், புதுச் சட்டம் என்று யாரோ சொன்னார்கள். காளியம்மா பயந்தாள். ஆனாலும் போய்ப் பதிந்தாள், பயிற்சி வகுப்பிலும் உட்கார்ந்தாள். மலாய் மொழியில் எழுதத் திணறினாலும் சொன்னதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டாள்.

அதில் ஒன்று ஆள் கணக்கு. ஒரு வயசுக்குள் இருக்கும் பிள்ளை மூன்றுக்கு ஓர் ஆள். அதைத் தாண்டிய சின்னப் பிள்ளை ஐந்துக்கு ஓர் ஆள். கலந்திருந்தால் என்ன செய்வது? அதற்கு அவளே ஒரு வழி வைத்திருந்தாள். அடுப்படியில் தீப்பிடித்தால் எப்படி வெளியே ஓடுவது என்று யோசித்தாள். இடுப்பில் ஒரு தவழ்கிறது. சேலையைப் பிடித்துக்கொண்டு மூன்று நடக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு கை கதவைத் திறக்க. இன்னொரு தவழ்கிறதும் இருந்தால் கதவைத் திறக்கக் கை இல்லை.

ஆக, இன்றைக்கு ஒரு பிள்ளை அதிகம்.

முதலில் ஜெயபாலன் மோட்டார் சைக்கிளில் மகனை இறக்கினான். அடுத்து அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் சந்திரமதி, பெண்ணைக் கையில் பிடித்தபடி வந்தாள். தவழ்கிற ஒன்றும் நடக்கிற ஒன்றும் அதற்குள் வந்துவிட்டன. கடைசியாக ஓட்டமும் நடையுமாக நல்லம்மாள். இடுப்பில் எட்டு மாசப் பையன் சீனி. முக்கில் கம்பெனி பஸ் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

“இந்தாங்கக்கா, பால் பையில இருக்கு, வாரேன்!”

“நில்லு. ராக்காயி இன்னிக்கு வரல. உன் பையன எடுக்க முடியாது.”

நல்லம்மாள் சிரித்தாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

“என்னக்கா வெளாடுறீங்க? பஸ் நிக்குதுலா!”

“நாலு வந்துருச்சு. அஞ்சாவதுக்கு ஆள் இல்ல.”

“ஒரு நாள்தானே, அக்கா. சமாளிக்க ஏலாதா?” என்றாள் சந்திரமதி மெதுவாக.

“ஒரு சின்னப் பையன்! மூலையில ஒரு பாயில கெடக்கப் போறான்” என்று ஜெயபாலனும் சேர்ந்துகொண்டான்.

“பாயில கெடக்குற வயசா அது? நீ பெத்தவன், உனக்கே தெரியல பாரு.”

நல்லம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டின. அந்த வருஷம் கம்பெனிகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் லீவு போட்டால் வருகைப்படி போய்விடும், பெயரும் கெடும்.

“தோட்டத்துல ஒத்த ஆளா முப்பது பிள்ளையப் பாத்தேன்னு பெரும அடிப்பீங்க. இப்ப அஞ்சுக்கு முடியலயாக்கும்!”

“பாத்தேன். எத்தன பிள்ளை அடிபட்டுச்சுன்னு நீங்க யாரும் கேக்கல.”

காளியம்மாவே தொடர்ந்தாள்.

“கங்காணி மக, பதிமூணு மாசம். நான் இன்னொன்னுக்குக் கால் கழுவிக்கிட்டிருந்தேன். கஞ்சிப் பானையில கைய விட்டுருச்சு. ரெண்டு வெரல் இன்னும் மடங்காது. அன்னிக்கும் எல்லாரும் ஒரு நாள்தானேன்னுதான் சொன்னாங்க.”

பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. பிறகு போய்விட்டது.

நல்லம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள்.

“நாளையிலேருந்து வேற எடம் பாத்துக்கிறேன்” என்றாள் நல்லம்மாள்.

“பாத்துக்க. மொதல்ல தேத்தண்ணி குடி.”

காளியம்மாவுக்குள் கலக்கம் இல்லாமல் இல்லை. மாசம் அறுபது வெள்ளி வீதம் ஐந்து பிள்ளை. அதில்தான் ராக்காயியின் சம்பளம், அரிசி, வாடகை எல்லாம். ஒன்று போனால் ராக்காயியை வைத்துக்கொள்ள முடியாது. ராக்காயி இல்லாவிட்டால் நாலுக்கு மேல் எடுக்க முடியாது, தனக்கே ஒரு நாள் முடியாமல் போனால் நாலையும் திருப்பி அனுப்ப வேண்டும். அதோடு கதை முடிந்தது. ஆனால் அதைப் படியில் உட்கார்ந்திருப்பவளிடம் சொல்லி என்ன பயன்?

“இன்னிக்கு வேலைதான் போச்சு. உள்ள வந்து உன் பிள்ளைய நீயே பாத்துக்க. பைய வெளியில ஆணியில மாட்டு.”

நல்லம்மாள் கோபத்தில் அந்தக் கடைசிச் சொல்லைக் காதில் வாங்கவில்லை. பையோடு உள்ளே போனாள்.

ஆறு மாசமாக வாசலோடு திரும்பியவள் அன்றைக்குத்தான் வீட்டை முழுசாகப் பார்த்தாள். அடுப்படிக்குக் குறுக்கே இடுப்பளவுப் பலகைக் கதவு. மண்ணெண்ணெய் டின் எட்டாத உயரத்தில். பின்பக்கச் சாக்கடை லோங்காங்குக்குப் போகும் வழி கம்பி போட்டு அடைத்திருந்தது. தொட்டில் கயிற்றைக் காளியம்மா ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் பிள்ளையைப் போட்டாள். ஒவ்வொரு புட்டியிலும் ஒரு நிற நூல்.

பத்து மணிக்குச் சந்திரமதியின் பெண் வாந்தி எடுத்தது. காளியம்மா அதைக் கழுவ எடுத்துப்போனாள். நல்லம்மாள் பால் புட்டியை எடுக்கத் திரும்பினாள். நாலு அடிதான். திரும்பி வந்தபோது அவள் பை கவிழ்ந்து கிடந்தது. சீனி எதையோ சப்பிக்கொண்டிருந்தான்.

“அக்கா!”

“கத்தாத. பயந்து முழுங்கிருவான்.” காளியம்மா ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள். தாடையை லேசாக அழுத்தி, எட்டிப் பார்த்து, தெரிந்ததை மட்டும் விரலால் எடுத்தாள். தோட்டின் திருகாணி.

நல்லம்மாள் சீனியை அள்ளி அணைத்துக்கொண்டாள். “நாலே அடிதான்கா போனேன்.”

“எல்லாம் நாலு அடிதான். உன் ஒருத்தனுக்கே நீ போதல, பாத்தியா?” என்றவள், அவள் அழப்போவதைக் கண்டு, “பைய எடுத்து ஆணியில மாட்டு. அப்புறம் அந்தத் துணியப் பிழி” என்றாள்.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்களிடம் நல்லம்மாளே முந்திக்கொண்டாள்.

“ஆள் வராத அன்னிக்கு இன்னொரு ஆள் வேணும். அடுத்த தெரு இருளாயி காளியக்காவோட வகுப்புக்குப் போனவங்கதானே? அவங்களுக்குக் கொடுக்க மாசம் ஆளுக்கு அஞ்சு வெள்ளி கூடப் போடுவோம்.”

“காலையில சண்ட போட்டது நீ. இப்ப எங்கிட்ட அஞ்சு வெள்ளி கேக்குறதும் நீயா?” என்றான் ஜெயபாலன்.

“நீங்க ஒரு நாள் உள்ள உக்காந்து பாருங்கண்ணே. பத்து வெள்ளி தருவீங்க.”

சந்திரமதி சிரித்துவிட்டு, “நான் தாரேன். மகள் வாந்தி எடுத்ததையும் அக்கா மறைக்காமல் சொல்லிட்டா” என்றாள்.

“நான் திருப்பி அனுப்புற நாளுக்குக் காசு வேணாம். அதையும் கழிச்சுக்கங்க” என்றாள் காளியம்மா.

மறுநாள் காலையும் நல்லம்மாள் ஓட்டமாகத்தான் வந்தாள். ஆனால் பிள்ளையை நீட்டவில்லை.

“இருளாயிக்கா வந்துட்டாங்களா?”

“உள்ளதான் இருக்கா. போய்ப் பாரு.”

நல்லம்மாள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த இருளாயியைக் கண்ணால் கண்ட பிறகு சீனியைக் கொடுத்தாள். முக்கில் பஸ் ஹாரன் அடித்தது.

“அடிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினாள்.